தேடலில் வராதவள்

"பெண்களுக்குத் தங்களைப் பற்றி எடுத்துச் சொல்லத் தெரிவதில்லை. அதனால்தான் நல்ல வேலை தவறிப்போகிறது." மகளிர் தினத்தன்று கல்லூரிகளுக்கு வரும் பேச்சாளர்கள் ஆண்டு தவறாமல் சொல்லிவிட்டுப் போகும் வாக்கியம் இது. தன்னம்பிக்கையோடு எழுதுங்கள், சிரித்த முகமாகப் படம் போடுங்கள், உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்று அடுத்தடுத்து அறிவுரைகள் வரும். இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு கற்பனை இருக்கிறது. எங்கோ ஒருவர் உட்கார்ந்து நம் ப்ரொஃபைலை முதல் வரியிலிருந்து படிக்கிறார், படித்த பிறகு வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுக்கிறார் என்ற கற்பனை. அப்படி யாரும் இல்லை.

நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் கன்சல்டன்சியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அங்கே முதலில் நடப்பது படிப்பது அல்ல, சலிப்பது. லட்சக்கணக்கானவர்களை ஒரு சல்லடையில் கொட்டிச் சலித்து, மிஞ்சும் நூறு பேரில் முதல் இரண்டு பக்கத்தைத்தான் மனிதக் கண் பார்க்கிறது. நம்மில் பலர் நிராகரிக்கப்படுவதே இல்லை. நிராகரிக்க வேண்டுமென்றால் முதலில் நம்மைப் பார்க்க வேண்டுமே! ஆகவே கேட்க வேண்டிய கேள்வி நம் தன்னம்பிக்கையைப் பற்றியது அல்ல. இந்தச் சல்லடையின் கண்கள் யாருடைய வாழ்க்கையை அளவெடுத்துப் பின்னப்பட்டவை என்பதுதான் கேள்வி.

உழைப்பவர்களைப் பட்டியலாக்குவது இந்த ஊருக்குப் புதிதல்ல. நான் வசிக்கும் சிந்தாதிரிப்பேட்டையே அப்படிப் பிறந்ததுதான். 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் துணி வியாபாரத்துக்காகக் கூவம் கரையில் அமைத்த நெசவாளர் குடியிருப்பு இது. நூற்பவர், நெய்பவர், துணியில் வண்ணம் தீட்டுபவர், வெளுப்பவர் என்று, இங்கே யார் குடியேறலாம் என்பதைத் தொழிலின் பெயர்தான் தீர்மானித்தது. நம் அம்மாக்கள் காலத்தில் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த கையோடு போய்ப் பதிந்துவிட்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, பதிவு மூப்புக்காகக் காத்திருந்தார்கள். அதில் ஆயிரம் குறை உண்டு. ஆனால் விதி என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். உனக்கு முன்னால் பதிந்தவளுக்கு முதலில் கடிதம் வரும். உனக்கு வரவில்லையென்றால் ஏன் என்று போய்க் கேட்கலாம்.

1997இல் தொடங்கிய நௌக்ரியும் 2003இல் வந்த லிங்க்ட்இன்னும் தனியார் வேலைகளுக்கு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. நமக்குத் தெரிவது முன்வாசல் மட்டும். ரெக்ரூட்டர்கள் பணம் கட்டி நுழையும் பின்வாசல் ஒன்று இருக்கிறது. நௌக்ரியில் அதற்குப் பெயர் ரெஸ்டெக்ஸ். லிங்க்ட்இன்னில் லிங்க்ட்இன் ரெக்ரூட்டர். அங்கே நம் ப்ரொஃபைல் ஒரு பக்கமாக இருப்பதில்லை. தனித்தனிக் கட்டங்களாக உடைந்து கிடக்கும். எந்தக் கட்டம் கனக்கிறது என்பதைப் பார்க்க, ஒரு பெண்ணை அதற்குள் அனுப்பிப் பார்ப்போம்.

இவர் ஒருவர் அல்லர். எங்கள் தெருக்களில் நான் பார்த்த பலரைச் சேர்த்து உருவாக்கியவர். பி.காம். முடித்தவர், வயது 33. சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் ஐந்தாண்டு வேலை. டேலியில் பில் போடுவது, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு கணக்கை ஒத்துப் பார்ப்பது, மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் `GSTR-1`, 20ஆம் தேதிக்குள் `GSTR-3B` தாக்கல் செய்வது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டி.டி.எஸ். கணக்கு என எல்லாம் அவர் கையில்தான். முதலாளி அவருக்குக் கொடுத்த பதவியின் பெயர் "ஆபீஸ் அசிஸ்டென்ட்". கடைசியாக வாங்கிய சம்பளம் மாதம் 14,000 ரூபாய். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டார். இப்போது நான்காண்டு ஆகிறது. அந்த நான்காண்டில் பக்கத்துத் தெருவின் மூன்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கு வீட்டிலிருந்தே ஜி.எஸ்.டி. கணக்கு போட்டுக் கொடுத்து, கடைக்கு இரண்டாயிரம் வாங்கிக்கொண்டிருக்கிறார். கேட்டால், "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்பார்.

கிண்டியில் ஒரு நிறுவனத்துக்கு அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூடிவ் வேண்டும். மூன்றிலிருந்து ஆறாண்டு அனுபவம், நான்கு லட்சம் வரை சம்பளம். இந்த வேலையை ஐந்தாண்டாகச் செய்தவர் நம் பெண். ரெக்ரூட்டர் தேடல் பெட்டியில் இப்படித் தட்டுகிறார்:

```
("accounts executive" OR accountant) AND tally AND gst AND tds
```

நான்கு சொற்களும் இருந்தால்தான் ஆள் வருவார். நம் பெண்ணின் ரெஸ்யூமேயில் "அனைத்துக் கணக்கு வேலைகளும் பார்த்தேன்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. டேலி இல்லை, டி.டி.எஸ். இல்லை. பிரவுசிங் சென்டரில் வேறு ஒருவரின் ரெஸ்யூமேயை நகலெடுத்துச் செய்தது. "கடின உழைப்பாளி, நேர்மையானவர்" என்று மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறது. நேர்மை என்ற சொல்லைத் தட்டி யாரும் ஆள் தேடுவதில்லை. கருவியின் பெயர், சட்டத்தின் பெயர், படிவத்தின் பெயர், இவற்றைத்தான் தட்டுகிறார்கள். அதோடு, ரெக்ரூட்டர் விரும்பினால் ரெஸ்யூமே முழுவதையும் விட்டுவிட்டு, தலைப்பு வரியிலும் திறன்கள் கட்டத்திலும் மட்டும் சொல்லைத் தேடச் சொல்லலாம். உள்ளே பத்தி பத்தியாக என்ன எழுதியிருந்தாலும் அப்போது பயனில்லை.

அடுத்தது பதவியின் பெயர். எல்லாக் கட்டங்களிலும் கனமானது இதுதான். லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே நாம் அழகாக எழுதும் வரியை வைத்துப் பதவியைத் தேடுவதில்லை. அனுபவப் பகுதியில் ஒவ்வொரு வேலைக்கும் நாம் கொடுத்திருக்கும் பதவிப் பெயரைத்தான் பார்க்கிறது. அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தன்னிடமுள்ள பொதுவான பதவிப் பெயர்களில் ஒன்றோடு பொருத்திக்கொள்கிறது. "ஆபீஸ் அசிஸ்டென்ட்" என்பது கணக்குப் பிரிவில் போய்ச் சேராது. கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பவர், கோப்பு அடுக்குபவர் என்ற வரிசையில் நிற்கும். சின்ன நிறுவனங்களில் இது தற்செயல் அல்ல. அதே மேசையில் அதே வேலையைச் செய்யும் ஆணுக்கு "அக்கவுண்டன்ட்" என்ற பெயர் கிடைக்கும். பெண்ணுக்கு "அசிஸ்டென்ட்", "சப்போர்ட்", "கோஆர்டினேட்டர்". பெயர்தானே, போகட்டும் என்று விட்டுவிடுவோம். அந்தப் பெயர் பத்தாண்டு கழித்தும் நம்மை எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது, ஒரே ஒரு சொல்: `Current`. பதவிப் பெயரைத் தேடும்போது இப்போது அந்தப் பதவியில் இருப்பவர் மட்டுமா, முன்பு இருந்தவரும் சேர்த்தா என்று ரெக்ரூட்டர் தேர்ந்தெடுக்கலாம். பட்டியல் நீளமாக வந்தால் உடனே கை போவது "இப்போது" என்பதற்குத்தான். சாயங்காலத்துக்குள் ஐந்து பேரின் விவரத்தை அனுப்பியாக வேண்டிய ரெக்ரூட்டருக்கு அது ஒரு சொடுக்கு. அந்தச் சொடுக்கில் வேலையிலிருந்து இடைவெளி எடுத்த அத்தனை பேரும் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். பிரசவத்துக்காக விட்டவர், மாமியாரின் பக்கவாதத்துக்காக விட்டவர், கணவனின் இடமாற்றத்துக்காக விட்டவர் எல்லோரும்தான். ஆண்களிலும் இடைவெளி எடுத்தவர்கள் உண்டு. ஆனால் வீட்டில் ஒருவர் வேலையை விட வேண்டிய நாள் வரும்போது அது யார் என்பதில் நம் குடும்பங்களுக்கு ஒருபோதும் குழப்பம் இருந்ததில்லை. வேலை செய்பவர் என்றால் இடையறாமல் வேலை செய்துகொண்டே இருப்பவர் என்பது யாருடைய வாழ்க்கை? அவருக்குச் சோறு சமைத்துப் போட இன்னொருவர் வேலையை விட்டிருந்தால் மட்டுமே சாத்தியமான வாழ்க்கை அது.

நான்காவது சம்பளம். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் கொடியது என்பேன். ரெஸ்டெக்ஸில் ஆண்டுச் சம்பளத்துக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை வைக்கலாம். மேல் எல்லை புரிகிறது. நிறுவனத்தால் அதற்கு மேல் கொடுக்க முடியாது. கீழ் எல்லை எதற்கு? "இரண்டரை லட்சத்துக்கும் கீழே வாங்குகிறவர் இந்த வேலைக்குத் தேறமாட்டார்" என்ற கணிப்புக்காக. அதாவது, வாங்கிய சம்பளமே திறமையின் அளவுகோல். நம் பெண்ணின் 14,000 ரூபாய் ஆண்டுக்கு ஒரு லட்சத்து 68 ஆயிரம் ஆகிறது. ஒரே கோட்டில் வெளியே போய்விட்டார். அச்சக முதலாளி அவருக்குக் குறைத்துக் கொடுத்தார். அதை ஒரு கட்டத்தில் எழுதி வைத்தோம். இப்போது அவர் திறமை குறைந்தவர் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

தப்பித் தவறிப் பட்டியலுக்குள் வந்துவிட்டாலும் அந்த எண் விடாது. "மேடம், லாஸ்ட் சி.டி.சி. எவ்வளவு? பே ஸ்லிப் அனுப்புங்க" என்று கேட்டு, அதற்கு மேல் இருபது சதவீதம் போட்டு நிறுத்துவார்கள். நான்கு லட்சம் ஒதுக்கி வைத்திருக்கும் வேலைக்கு இரண்டு லட்சத்தில் ஆள் கிடைத்துவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016இலேயே சட்டம் இயற்றியது. சம்பளம் எவ்வளவு தருவோம் என்று நிறுவனம் சொல்வதற்கு முன், பழைய சம்பளத்தை விண்ணப்பதாரரிடம் கேட்கக் கூடாது. பழைய பாகுபாடு புதிய வேலைக்குள் தொடர்ந்து வரக் கூடாது என்பதுதான் அதன் நியாயம். இங்கே அந்தக் கேள்வி ஒரு கட்டமாக அச்சடித்தே வைக்கப்பட்டிருக்கிறது.

ஐந்தாவது, கடைசியாக எப்போது உள்ளே வந்தீர்கள் என்பது. ரெஸ்டெக்ஸில் கடந்த பதினைந்து நாளில், ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில் வந்தவர் என்று வடிகட்டலாம். லிங்க்ட்இன்னில் வரிசைப்படுத்தும் முறை பற்றி அதன் பொறியாளர்களே கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். ரெக்ரூட்டர் ஒருவருக்குச் செய்தி அனுப்பி, அவர் அதை ஏற்றுப் பதில் சொல்லும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அந்த முறை கணக்கிடுகிறது. பதில் சொல்வார் என்று தோன்றுகிறவர் மேலே வருவார். வீட்டில் ஒரே போன், கணவனின் மின்னஞ்சல், இரவு பத்து மணிக்கு மேல்தான் கையில் நேரம் என்று இருப்பவர் இந்தக் கணக்கில் ஆர்வமில்லாதவர் ஆகிவிடுகிறார்.

இவ்வளவையும் சொன்னால், "நிறுவனங்கள் இதையெல்லாம் சரிசெய்துவிட்டனவே" என்று ஒரு பதில் வரும். ஓரளவு உண்மை. 2018இல் லிங்க்ட்இன், தன் ரெக்ரூட்டர் தேடலில் பாலின விகிதத்தைக் காக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தேடலுக்குப் பொருந்துகிறவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் பெண்கள் என்றால், முதல் பக்கங்களிலும் ஏறக்குறைய அதே விகிதத்தில் பெண்கள் தெரிய வேண்டும். பெண்களைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளக் கூடாது. நல்ல ஏற்பாடு, வரவேற்க வேண்டியது. ஆனால் "பொருந்துகிறவர்களில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சல்லடையில் மிஞ்சிய நூறு பேருக்குள்தான் அந்த நியாயம். நம் பெண் அந்த நூறிலேயே இல்லை. பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு ஒழுங்காகப் பரிமாறுகிறார்கள். வாசலிலேயே நிறுத்தப்பட்டவளைப் பற்றிப் பந்திக்கு ஒன்றும் தெரியாது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலை வேலைகளில் மணமான பெண்கள் ஒதுக்கப்படுவதாக விரிவான செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. ஒன்றிய அரசு, தமிழ்நாடு தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு நவம்பரில், வேலை விளம்பரங்களில் வயது, பாலினம், மண நிலை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டாம் என்று ஆள் எடுக்கும் முகவர்களிடம் அந்த நிறுவனம் சொல்லியிருப்பதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. விஷயம் வெளியே வந்ததற்குச் சாட்சிகள் பேசியது ஒரு காரணம். விளம்பரம் என்ற பொருள் கையில் இருந்தது இன்னொரு காரணம். சுவரில் ஒட்டியதைப் படம் எடுக்கலாம்.

தேடலுக்குச் சுவரொட்டி கிடையாது. ரெஸ்டெக்ஸில் பாலினத்துக்கும் வயதுக்கும் கட்டங்கள் இருக்கின்றன. பெண்களைக் கூடுதலாகச் சேர்க்க நினைக்கும் நிறுவனம் பயன்படுத்தும் அதே கட்டத்தை, "ஆண்கள் மட்டும் போதும், லேட் அவர்ஸ் இருக்கும்" என்று நினைப்பவரும் பயன்படுத்தலாம். ஆள் எடுப்பதில் பெண்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனால் தான் தேடப்படவில்லை என்பதை எந்தப் பெண் எப்படி நிரூபிப்பாள்?

சரி, நம் பெண் என்ன செய்யலாம்? பொய் சொல்லத் தேவையில்லை. அது ஆபத்தும்கூட. வேலை பார்த்த தேதிகளை பி.எஃப். கணக்கை வைத்தே சரிபார்த்துவிடுவார்கள். அவர் செய்ய வேண்டியது, உண்மையை முழுதாகச் சொல்வது மட்டும்தான். பழைய வேலையின் பெயரை "ஆபீஸ் அசிஸ்டென்ட் – அக்கவுண்ட்ஸ்" என்று எழுதலாம். அனுபவக் கடிதத்தோடும் முரண்படாது, செய்த வேலையும் தெரியும். திறன்கள் கட்டத்தில் டேலி, ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்., பேங்க் ரிகன்சிலியேஷன் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக, ரெக்ரூட்டர் தட்டும் ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மூன்று கடைகள். மாதம் ஆறாயிரம் ரூபாய்க்கு நான்காண்டாகச் செய்துவருவது வேலை. "ஃப்ரீலான்ஸ் அக்கவுண்டன்ட்" என்று தொடங்கிய மாதத்தைப் போட்டு, முடிந்த தேதி போடாமல் விட்டால், அவர் `Current` என்ற சொல்லுக்குள் வந்துவிடுகிறார். இதில் ஒரு துளிப் பொய் இல்லை. வீட்டுக்குள் செய்தால் உதவி, வெளியே போய்ச் செய்தால் வேலை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்தான் பொய் சொன்னார்கள். கூலி எதுவும் வாங்காமல் குழந்தையையோ நோயாளியையோ மட்டும் பார்த்துக்கொண்டவர்களுக்கு, 2022இல் லிங்க்ட்இன் அனுபவப் பகுதியிலேயே கரியர் பிரேக் என்று பதிவதற்கு வழி செய்தது. 

எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. எத்தனை தேடல்களில் நீங்கள் வந்தீர்கள் என்ற எண்ணிக்கையை இரண்டு தளங்களுமே நமக்குக் காட்டுகின்றன. அந்த எண் ஒற்றை இலக்கத்திலேயே நின்றால் பதவிப் பெயர், திறன், ஊர், கடைசியாக வந்த நாள் ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு. தேடலில் நிறைய வருகிறீர்கள், ஆனால் யாரும் திறந்து பார்ப்பதில்லை என்றால், பட்டியலில் தெரியும் அந்தச் சின்ன அட்டையில் பிரச்சினை. நௌக்ரியில் சம்பளம், அனுபவம், எப்போது சேர முடியும் என்பவையும் அங்கே தெரியும். திறக்கிறார்கள், அழைப்பதில்லை என்றால் ரெஸ்யூமேயைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டத்தை மாற்றி, இரண்டு வாரம் பொறுத்து எண்ணைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

இத்தனையும் செய்த பிறகும் அந்த ஒரு லட்சத்து 68 ஆயிரம் அங்கேயேதான் நிற்கும். அதை எந்தப் பெண்ணாலும் தனியாகத் திருத்த முடியாது. அதைத் திருத்த வேண்டியவர்கள் மறுபக்கம் இருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து தேடுகிறவர்களிலும் பெரும்பாலோர் நம் போன்ற பெண்கள்தான், இருபத்து நான்கு வயதில், மாத இலக்கோடு. அவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்கிறேன். பதவியைத் தேடும்போது முன்பு இருந்தவர்களையும் சேருங்கள். சம்பளத்துக்குக் கீழ் எல்லை வைக்காதீர்கள். சம்பளம் குறிப்பிடாதவர்களையும் சேர்க்க ரெஸ்டெக்ஸில் ஒரு டிக் இருக்கிறது, அதைப் போடுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகாது.

நிறுவனங்களிடம் கேட்பது இதைவிடப் பெரியது. எத்தனை பெண்களை நேர்காணலுக்கு அழைத்தோம் என்ற கணக்கு எங்களுக்குப் போதாது. என்னென்ன கட்டங்களை வைத்துத் தேடினீர்கள் என்பதைப் பதிந்து வையுங்கள். அதைத் தொழிலாளர் துறை கேட்டால் காட்ட வேண்டும் என்று சட்டம் வரட்டும். பழைய சம்பளத்தைக் கேட்பதை அதே சட்டம் தடை செய்யட்டும். எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நின்ற நம் அம்மாக்களுக்குத் தங்கள் எண் தெரியும். தங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்பதும், எந்த விதியால் என்பதும் தெரியும். அவ்வளவாவது நமக்கும் தெரிய வேண்டும்.